பீட்டா கேஜ் 80, லேப் தராசு 81.3: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் பேப்பர் மெஷினில் கிரிப்டான்-85 பீட்டா கேஜ் இருக்கிறது. அது 80 ஜிஎஸ்எம் காட்டும்போது லேபில் 81.3 வருகிறது. எலக்ட்ரான் உறிஞ்சப்படுவதை வைத்து தடிமன் எப்படித் தெரிகிறது? இந்த வித்தியாசம் கேஜின் கோளாறா? பிளாஸ்டிக் ஷீட் லைனிலும் இதே போல வருமா?

பதில்:

பீட்டா கேஜ் தடிமனை அளப்பதில்லை. சோர்ஸுக்கும் டிடெக்டருக்கும் நடுவே ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பொருள் இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அந்தக் கிராமில் பேப்பர் மட்டும் இல்லை. இடைவெளியில் இருக்கும் காற்று, சோர்ஸின் மேல் இருக்கும் மெல்லிய உலோக ஜன்னல், டிடெக்டரின் ஜன்னல், அவற்றின் மேல் படிந்த தூசி எல்லாமே சேர்ந்திருக்கின்றன. உங்கள் 1.3 கிராமுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று கேஜ் தரப்பில், மற்றொன்று லேப் தரப்பில். இரண்டும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் வரும் என்பதால்தான் இதில் பலர் குழம்புகிறார்கள்.

முதலில் எலக்ட்ரான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிரிப்டான்-85 அணுக்கரு சிதையும்போது ஓர் எலக்ட்ரான் வெளியே வருகிறது. எல்லா எலக்ட்ரான்களும் ஒரே ஆற்றலில் வருவதில்லை. பூஜ்யத்திலிருந்து 0.687 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். சராசரி 0.25 அளவு. இந்த எலக்ட்ரான் பேப்பருக்குள் நுழைந்ததும் அங்குள்ள அணுக்களின் எலக்ட்ரான்களோடு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மோதல்களில் ஆற்றலை இழக்கிறது. அணுக்கருவுக்குப் பக்கத்தில் போகும்போது திசை மாறுகிறது. அதனால் நேர்கோட்டில் போகாமல் வளைந்து நெளிந்து போய், ஆற்றல் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. குறைந்த ஆற்றலில் புறப்பட்டவை பேப்பரிலேயே நிற்கும். நிறைய ஆற்றலோடு புறப்பட்டவை மறுபக்கம் வரும். பேப்பர் கனமாக ஆக, மறுபக்கம் வருபவை குறையும்.

இந்தக் குறைவு கிட்டத்தட்ட அடுக்குக்குறி வடிவில், அதாவது எக்ஸ்பொனென்ஷியலாக அமைகிறது. காமாவுக்கு இது அடிப்படையிலேயே பொருந்தும் விதி, ஏனென்றால் காமா துகள் ஒரே மோதலில் கற்றையை விட்டு விலகிவிடுகிறது. பீட்டாவுக்கு அப்படி இல்லை. பரந்த ஆற்றல் பரவலும் சிதறலும் சேர்ந்ததால் தற்செயலாக அந்த வடிவத்துக்கு நெருங்கி வருகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு எல்லை வரைக்கும்தான் அது செல்லும். கிரிப்டானின் அதிகபட்ச ஆற்றல் எலக்ட்ரான் சுமார் 2500 ஜிஎஸ்எம் பொருளைத் தாண்டாது. அந்த எல்லையை நெருங்க நெருங்க வளைவு அடுக்குக்குறியை விட்டு வேகமாகக் கீழே இறங்கும். நடைமுறையில் 1000 ஜிஎஸ்எம் பக்கம் வரும்போதே கிரிப்டான் திணறத் தொடங்கிவிடும்.

பேப்பரோ பாலிதீனோ, ஏன் கிராமில் கணக்கு வருகிறது? மோதல்கள் எலக்ட்ரான்களோடு நடக்கின்றன. ஒரு கிராம் பொருளில் எத்தனை எலக்ட்ரான் என்பது அணு எண்ணுக்கும் நிறை எண்ணுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. செல்லுலோஸுக்கு அது 0.53, தண்ணீருக்கு 0.56, பாலிதீனுக்கு 0.57, பெட் பாலியெஸ்டருக்கு 0.52, சுண்ணாம்புக் கார்பனேட்டுக்கு 0.50. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பொருளாக இருந்தாலும் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரே அளவில் மறைக்கிறது. "ஏறக்குறைய" என்பதைக் கவனியுங்கள். கனமான அணுக்கள் அதிகமாகச் சிதறடிக்கும். டைட்டானியம் டை ஆக்ஸைடு அதிகம் போட்ட பேப்பரும் அது இல்லாத பேப்பரும் ஒரே எடையில் இருந்தாலும் சிக்னல் சற்று மாறும். அதனால்தான் ஃபில்லர் அளவு வெகுவாக மாறும் கிரேடுகளுக்குத் தனித்தனி கேலிபரேஷன் வைத்துக்கொள்கிறார்கள்.

வேறு கதிர்கள் ஏன் இங்கே உதவாது என்பதும் இதிலிருந்தே புரியும். ஆல்ஃபாவை ஒரு தாள் முழுக்கத் தடுத்துவிடும். அமெரிசியம்-241 தரும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவை 80 ஜிஎஸ்எம் பேப்பர் ஆயிரத்தில் இரண்டு பங்குகூடக் குறைக்காது. பீட்டாதான் பேப்பருக்கும் ஃபிலிமுக்கும் நடுத்தரமாகப் பொருந்துகிறது.

இப்போது உங்கள் 80 ஜிஎஸ்எம் பேப்பரையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிடெக்டர் என்பது பெரும்பாலும் மந்த வாயு நிரப்பிய ஒரு அயனியாக்க அறை. எலக்ட்ரான்கள் அதற்குள் நுழைந்தால் வாயு அயனியாகி மிகச் சிறிய மின்னோட்டம் வரும். அதை ஒரு ஆம்ப்ளிஃபயர் வோல்ட்டாக மாற்றித் தருகிறது. கேஜ் மூன்று வோல்டேஜ்களை வைத்துக்கொள்கிறது. ஷட்டர் மூடியிருக்கும்போது வருவது Vb. ஷட்டர் திறந்து, நடுவில் பேப்பர் இல்லாமல் காற்று மட்டும் இருக்கும்போது வருவது V0. பேப்பர் ஓடும்போது வருவது V.

```
x = ln( (V0 - Vb) / (V - Vb) ) / μ
```

Vb = 0.05, V0 = 8.05, V = 6.343 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பின்னணியைக் கழித்தால் 8.000, 6.293. விகிதம் 1.2713, அதன் மடக்கை 0.240. கிரிப்டானுக்கு μ சதுர மீட்டர்/கிராம் அலகில் 0.003 என்று கேலிபரேஷனில் வந்திருந்தால், 0.240 / 0.003 = 80 ஜிஎஸ்எம். (μ என்பது பௌதிகப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடும் எண் அல்ல. சோர்ஸ், ஜன்னல், இடைவெளி, டிடெக்டர் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு ஹெட்டுக்கும் வேறுபடும். அகலமான எடை வரம்புக்கு ஒரே μ போதாது. மடக்கையின் இருபடி, முப்படிகளையும் சேர்த்து ஒரு வளைவாகப் பொருத்துவார்கள்.)

இந்தக் கணக்கில் மனதில் பதிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. சிக்னல் 0.3 சதவீதம் மாறினால் ரீடிங் 1 ஜிஎஸ்எம் மாறுகிறது. அதாவது 6.293 வோல்ட்டில் வெறும் 19 மில்லிவோல்ட். 80 ஜிஎஸ்எம்மில் ஒரு சதவீத எடை மாற்றத்தை எதிர்பார்க்கிறவர், சிக்னலில் கால் சதவீதத்துக்கும் குறைவான மாற்றத்தை நம்பியிருக்கிறார். கேஜில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணிலிருந்தே பிறக்கின்றன.

கிரிப்டானின் அரை ஆயுள் 10.76 ஆண்டு. கேட்டால் நீண்ட காலமாகத் தோன்றும். ஆனால் ஒரு மாதத்தில் சோர்ஸ் 0.54 சதவீதம் மங்குகிறது. V0 எண்ணை ஒரு மாதம் புதுப்பிக்காமல் விட்டால், கேஜ் அந்த மங்கலைப் பேப்பர் என்று எண்ணி 1.8 ஜிஎஸ்எம் அதிகமாகக் காட்டும். அதனால்தான் ஸ்கேனர் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை பேப்பரை விட்டு வெளியே போய் ஸ்டாண்டர்டைஸ் செய்கிறது. ஷட்டரை மூடி Vb, திறந்து V0, பிறகு உள்ளேயே வைத்திருக்கும் ஒரு தெரிந்த எடை ஃபிலிமை நடுவே நகர்த்தி அதன் ரீடிங். முதல் இரண்டும் மங்கலையும் அழுக்கையும் கழித்துவிடும். மூன்றாவது, கணக்கு முழுவதும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும்.

இனி உங்கள் 1.3 கிராமுக்கு வருவோம். கேஜ் தரப்புக் காரணம் காற்று.

ஹெட்டுகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி என்று கொள்ளுங்கள். 25 டிகிரியில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.184 கிலோ. 10 மில்லிமீட்டர் உயரக் காற்று என்றால் சதுர மீட்டருக்கு 11.8 கிராம். உங்கள் 80 ஜிஎஸ்எம் பேப்பரோடு கூடவே கிட்டத்தட்ட 12 ஜிஎஸ்எம் காற்றும் கேஜுக்குள் எப்போதும் இருக்கிறது. ஸ்டாண்டர்டைஸ் செய்யும்போது அந்த 11.8 கழிக்கப்பட்டுவிடும், ஆனால் அது பேப்பருக்கு வெளியே, குளிர்ந்த இடத்தில் இருந்த காற்று. ஹெட் மீண்டும் பேப்பர் மேல் வரும்போது டிரையரிலிருந்து வந்த சூடான தாள் அந்த இடைவெளியைச் சுடவைக்கிறது. காற்று 60 டிகிரிக்குப் போனால் அடர்த்தி 1.060 ஆகிறது. 10 மில்லிமீட்டரில் 10.6 கிராம். கழித்தது 11.8, இருப்பது 10.6. அந்த 1.2 கிராம் பேப்பரின் கணக்கில் குறைகிறது. கேஜ் 80 என்று சொல்லும் பேப்பரின் உண்மையான எடை 81.2.

கன்ட்ரோல் லூப் ஓடுகிறது என்றால் விளைவு இன்னும் நேரடியாக இருக்கும். கேஜ் 78.8 என்று பார்த்ததும் ஸ்டாக் வால்வைத் திறந்து 80 வரும் வரை மரக்கூழைக் கூட்டும். திரையில் எண் 80 என்று அழகாக நிற்கும், ரீல் மட்டும் ஒன்றரை சதவீதம் கனமாகப் போய்க்கொண்டிருக்கும்.

சோர்ஸை மாற்றினால் இது தீராது. புரோமேத்தியம்-147 போட்டால் சிக்னல் மாற்றம் பெரிதாகும், உண்மைதான். ஆனால் அது காற்றையும் பேப்பரையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குகிறது. 1.2 கிராம் காற்று எந்த ஐசோடோப்புக்கும் 1.2 கிராம்தான். டிஷ்யூ பேப்பரில் இதன் கடுமை தெரியும். 16 ஜிஎஸ்எம் டிஷ்யூவில் அதே 1.2 கிராம் என்பது 7 சதவீதத்துக்கும் மேல். நல்ல கேஜ்களில் இடைவெளியின் மேலும் கீழும் வெப்பநிலை சென்சார்கள் இருக்கும், அவற்றை வைத்துக் காற்றின் எடையைத் திருத்துவார்கள். சிலவற்றில் குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்றை ஊதி இடைவெளியை நிரப்பிவைப்பார்கள். அந்தச் சென்சார் செத்துப்போயிருந்தாலும், ஊதும் காற்றின் ஃபில்டர் அடைத்திருந்தாலும், ஹெட் எந்த அலாரமும் தராமல் தவறாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது லேப் தரப்பு. உங்கள் கேஜ் ஓடும் தாளைப் பார்க்கிறது. அதில் ஈரம் 4.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேஜுக்குத் தண்ணீரும் கிராம்தான், எனவே 80 என்பது ஈரத்தையும் சேர்த்த எடை. உலர்ந்த பொருள் 76.4. அந்தத் தாளை வெட்டி, 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் லேபில் பதப்படுத்தி வைக்கிறார்கள். தாள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து 6 சதவீதத்துக்கு வருகிறது. 76.4 ஐ 0.94 ஆல் வகுத்தால் 81.3. கேஜ் சரி, லேப் தராசு சரி, இரண்டும் வெவ்வேறு தாளை எடை போட்டிருக்கின்றன.

காற்று 1.2 கிராம், ஈரம் 1.3 கிராம். எண்ணைப் பார்த்து மட்டும் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க ஒரே வழி, இரண்டையும் தனித்தனியாக நிறுத்திச் சோதிப்பதுதான்.

ரீல் மாற்றும் நேரத்தில் ஸ்கேனரை ஒரு குறிப்பிட்ட இடத்தில், உதாரணமாக ஓரத்திலிருந்து ஒரு மீட்டரில், நிறுத்தி வையுங்கள். அங்கே ரீல் முடியும் கடைசி ஒரு நிமிட ரீடிங்கைப் பதிவு செய்யுங்கள். ரீல் இறங்கியதும் அதே ஓரத் தூரத்தில், வெளிச்சுற்றுகளிலிருந்து பத்து வட்டத் துண்டுகளை வெட்டுங்கள். 100 சதுர சென்டிமீட்டர் வட்டக் கட்டர் என்றால் கணக்கு எளிது, 0.800 கிராம் என்பது 80 ஜிஎஸ்எம். வெட்டியவுடனே மூடியிறுக்கும் பையில் போட்டுவிட வேண்டும். இரண்டு நிமிடம் மேஜையில் கிடந்தாலும் சூடான வறண்ட தாள் ஈரம் இழுக்கும். பையோடு எடை போட்டுப் பையின் எடையைக் கழியுங்கள். பிறகு அதே துண்டுகளை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி மீண்டும் எடை போடுங்கள். இதில் ரீலில் இருந்த உண்மை எடையும், ஈரமும், உலர் எடையும் மூன்றுமே கிடைத்துவிடும்.

பையில் எடை போட்டபோது 80 வந்தால் கேஜ் குற்றமில்லை, வித்தியாசம் முழுக்க ஈரம். அப்போது லேப் அறிக்கையையும் கேஜையும் உலர் எடையில் ஒப்பிடுவதுதான் முறை. 81.2 வந்தால் கேஜ் குறைவாகக் காட்டுகிறது. நடுவே ஏதாவது வந்தால் இரண்டும் கலந்திருக்கின்றன, இதுதான் அடிக்கடி நடப்பது.

ஜிக்ஜாகாக ஓடும் ஸ்கேனரின் சராசரியோடு ஒரே ஒரு துண்டை ஒப்பிடுவதைத் தயவுசெய்து தவிருங்கள். மெஷின் நிமிடத்துக்கு 1000 மீட்டரில் ஓடும்போது, ஒரு ஸ்கேன் 20 விநாடி எடுத்தால் அதற்குள் 333 மீட்டர் பேப்பர் போய்விடுகிறது. கேஜ் பார்த்தது அதன் குறுக்கே ஒரு சாய்ந்த கோட்டை மட்டும். குறுக்கு வேறுபாடும் ஓட்டத் திசை வேறுபாடும் அதில் கலந்திருக்கும். அந்த எண்ணோடு ஒரு வட்டத் துண்டு ஒத்துப்போவதும் ஒத்துப்போகாததும் எதையும் நிரூபிக்காது.

கேஜ்தான் குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்த பிறகு, அது காற்றுதான் என்று எப்படி உறுதி செய்வது? மெஷின் நின்றிருக்கும்போது, ஹெட் குளிர்ந்த நிலையில், எடை தெரிந்த பாலியெஸ்டர் ஃபிலிமை இடைவெளியில் வைத்துப் படியுங்கள். சரியாக வந்தால் கேலிபரேஷன், ஆம்ப்ளிஃபயர், சோர்ஸ் எல்லாம் நல்ல நிலையில் உள்ளன. ஓடும்போது மட்டும் குறைகிறது என்றால் வெப்பம்தான். மேலும் ஒரு அடையாளம்: வித்தியாசம் கிரேடைப் பொறுத்து மாறும், தாள் சூடு அதிகமான கிரேடுகளில் அதிகமாக இருக்கும், ஆனால் எடை கூடினாலும் கிராமில் ஏறக்குறைய மாறாது. 60 ஜிஎஸ்எம்மிலும் 1.2, 120 ஜிஎஸ்எம்மிலும் 1.2 என்றால் அது காற்று. எடைக்கு ஏற்ற சதவீதத்தில் வந்தால், μ தவறு, அதாவது கேலிபரேஷன் அல்லது ஃபில்லர் மாற்றம்.

அழுக்கு இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. ஜன்னலில் தூசியோ கோட்டிங் துளியோ படிந்தால் கேஜ் அதிகமாகக் காட்டும், அடுத்த ஸ்டாண்டர்டைஸில் அது கழிக்கப்பட்டுவிடும். ஸ்டாண்டர்டைஸுக்குப் பிறகு அந்தத் தூசி தானாக உதிர்ந்தால், ரீடிங் சட்டென்று குறைந்து அடுத்த ஸ்டாண்டர்டைஸ் வரைக்கும் குறைவாகவே நிற்கும். இதைக் கண்டுபிடிக்க V0 எண்ணைத் தினமும் எழுதி வைத்தாலே போதும். கிரிப்டான் சோர்ஸ் ஒரு நாளைக்கு 0.018 சதவீதம்தான் மங்க வேண்டும். ஒரே நாளில் 0.3 சதவீதம் இறங்கியிருந்தால், ஜன்னலில் 1 ஜிஎஸ்எம் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். துடைத்ததும் V0 மேலே ஏற வேண்டும். ஏறாமல் இன்னும் இறங்கிக்கொண்டே போனால் ஜன்னல் பாதிக்கப்பட்டிருக்கலாம். கிரிப்டான் ஒரு வாயு, சோர்ஸ் ஜன்னல் மிக மெல்லிய உலோகத் தகடு. அது கிழிந்தால் வாயு வெளியேறிவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஷட்டரை மூடி, யாரையும் அருகில் விடாமல், உடனே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும். சோர்ஸ் பக்க ஜன்னலைத் துடைக்கும் வேலையையும் அந்த அங்கீகாரம் உள்ளவர் மட்டுமே, ஷட்டர் மூடியிருப்பதை மீட்டரில் உறுதி செய்த பிறகு, செய்யலாம்.

மூன்றாவதாகக் குழப்புவது ஹெட்டுகளின் சீரமைப்பு. இது சராசரியில் தெரியாது, ப்ரொஃபைலில் தெரியும். ஸ்கேனர் சட்டம் ஒரு பக்கம் டிரையர் சூட்டில் வளைந்தால், மேல் ஹெட்டும் கீழ் ஹெட்டும் ஒரு இடத்தில் விலகும், இன்னொரு இடத்தில் நெருங்கும். பேப்பரின் குறுக்கே எடை வளைந்திருப்பது போல ஒரு வடிவம் தோன்றும். அதை நம்பி ஹெட்பாக்ஸ் உதட்டைச் சரிசெய்தால் நல்ல பேப்பரைக் கெடுத்துக்கொள்வீர்கள். பேப்பர் இல்லாமல் வெறும் காற்றில் ஒருமுறை முழு அகலத்துக்கும் ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள். வெறும் ஸ்கேன் தட்டையாக வர வேண்டும். அதிலும் அதே வளைவு இருந்தால் அது சட்டத்தின் வளைவு, பேப்பரின் வளைவு அல்ல. இதைச் சட்டம் சூடாக இருக்கும்போதே, ஷீட் பிரேக் ஆன உடனே செய்வது நல்லது. ஆறிய பிறகு செய்தால் வளைவு நேராகிப் போயிருக்கும்.

தாள் இடைவெளியில் மேலும் கீழும் படபடப்பதும் சிக்னலை மாற்றும். சிதறிய எலக்ட்ரான்களில் எத்தனை டிடெக்டரில் விழும் என்பது தாள் டிடெக்டருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே ஃபிலிமை இடைவெளியின் அடியில், நடுவில், மேலே என்று பிடித்துப் படித்தால் உங்கள் ஹெட்டுக்கு அந்தப் பாதிப்பு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும்.

இனி பிளாஸ்டிக். அங்கே ஈரத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. ஆனால் பேப்பரில் ஜிஎஸ்எம்மோடு நின்றுவிடலாம், பிளாஸ்டிக்கில் வாடிக்கையாளர் மைக்ரான் கேட்பார். கேஜ் தந்த கிராமை அடர்த்தியால் வகுத்துத்தான் மைக்ரான் வரும். 46 ஜிஎஸ்எம் பாலிதீன் ஃபிலிம், அடர்த்தி 0.92 என்றால் 50 மைக்ரான். ரெசினை 0.95 அடர்த்திக்கு மாற்றிவிட்டுக் கேஜில் எண்ணை மாற்ற மறந்தால், அதே 46 கிராமுக்குத் திரையில் 50 காட்டும், உண்மைத் தடிமன் 48.4. உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உள்ள வெள்ளை ஃபிலிம், ஃபோம் ஷீட் போன்றவற்றில் அடர்த்தியே ஓட்டத்தில் மாறிக்கொண்டிருப்பதால், பீட்டா ரீடிங்கை மைக்ரானாக மாற்றுவதே சரியல்ல. அங்கே தடிமனுக்கு லேசர் போன்ற வேறு கேஜ் வேண்டும். பல அடுக்கு ஃபிலிமில் பீட்டா மொத்தக் கிராமை மட்டும் சொல்லும், எந்த அடுக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பேப்பரிலும் இதே காரணத்தால்தான் காலண்டர் அழுத்தி மெலிதாக்கிய தாளுக்கும் அழுத்தாத தாளுக்கும் பீட்டா கேஜில் வித்தியாசம் தெரிவதில்லை.

தடித்த ஷீட்டில் எதிரி வேறு. 1 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் ஷீட் சுமார் 905 ஜிஎஸ்எம். காற்றின் 1.2 கிராம் அங்கே 0.13 சதவீதம்தான், யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் கிரிப்டான் சிக்னல் 8 வோல்ட்டிலிருந்து 0.53 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. இப்போது Vb 0.05 க்குப் பதில் 0.07 ஆக நகர்ந்திருந்து, ஸ்டாண்டர்டைஸ் அதைப் பிடிக்கவில்லை என்றால், அந்த 20 மில்லிவோல்ட் 12 ஜிஎஸ்எம் குறைவாகக் காட்டும், அதாவது 13 மைக்ரான். அதே நகர்வு உங்கள் 80 ஜிஎஸ்எம் பேப்பரில் 1 ஜிஎஸ்எம் மட்டுமே. மெல்லிய தாளில் காற்று, தடித்த ஷீட்டில் பின்னணி: தேட வேண்டிய இடம் எடையைப் பொறுத்து மாறுகிறது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் ஈரம் புகுவது Vb நகர்வதற்கு வழக்கமான காரணம், உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் பையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இவ்வளவு தடித்த ஷீட்டைத் தொடர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு ஸ்ட்ரான்சியம்-90தான் பொருத்தம். அதன் மகள் அணுவான இட்ரியம்-90 தரும் எலக்ட்ரான்கள் 2.28 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை போகும், 905 ஜிஎஸ்எம்மைத் தாராளமாகத் தாண்டும். அரை ஆயுளும் 28.8 ஆண்டு. மறுபக்கம், 12 மைக்ரான் பெட் ஃபிலிம் வெறும் 17 ஜிஎஸ்எம். அங்கே கிரிப்டான் சிக்னல் 5 சதவீதம்தான் குறையும், எலக்ட்ரான்கள் வந்து விழுவதில் உள்ள இயல்பான ஏற்ற இறக்கத்திலேயே ரீடிங் ஆடத் தொடங்கும். 0.224 மெகா எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே உள்ள புரோமேத்தியம்-147 அங்கே பல மடங்கு கூர்மையாகப் பார்க்கும். ஆனால் அதன் அரை ஆயுள் 2.62 ஆண்டு. மாதம் 2.2 சதவீதம் மங்கும். சில ஆண்டுகளிலேயே சிக்னல் வலுவிழந்து ரீடிங்கின் ஆட்டம் கூடும், சோர்ஸை மாற்றியாக வேண்டும். சராசரி சரியாகவே இருக்கும், ஸ்டாண்டர்டைஸும் பாஸ் ஆகும், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்திவைத்த ஃபிலிமின் ரீடிங் முன்பைவிட அதிகமாக ஆடும். அந்த ஆட்டத்தைப் புதிய சோர்ஸ் போட்ட நாளிலேயே அளந்து எழுதி வைத்திருந்தால், மாற்ற வேண்டிய நேரம் எப்போது என்பதை அதே ஃபிலிமை வைத்து ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.